முடியாதுன்னு சொல்லல, நாள் பத்தலன்னுதான் சொல்றேன்

2023 நவம்பர்ல ஒரு நாள் ராத்திரி 12:40க்கு என் மேனேஜருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது, ரிப்போர்ட் இணைச்சிருக்கேன், அவ்வளவுதான் மெயில். காலைல எட்டரைக்கு அனுப்பியிருந்தாலும் ஒண்ணும் குடி முழுகியிருக்காது. ஆனா வேணும்னேதான் அந்த நேரத்துக்கு அனுப்பினேன், இப்ப ஒத்துக்கறதுல என்ன வெக்கம். வேலை ஜாஸ்தியா இருக்குன்னு வாயால சொல்லி ஒண்ணும் நடக்கல, சரி மெயில் போன நேரத்தைப் பார்த்து அவங்களே புரிஞ்சுக்கட்டும்னு ஒரு நெனப்பு. சென்னைல எட்டு வருஷம் எனக்கு இப்படித்தான் வண்டி ஓடுச்சு. ராத்திரி மெயிலுக்கு அங்க ஒரு தனி மரியாதை, அப்ரைசல்ல யாராவது ஒருத்தர் அதை ஞாபகம் வச்சு சொல்லுவாங்க.

மறுநாள் ஒன்பதரைக்கு கூப்பிட்டாங்க. சின்ன மீட்டிங் ரூம், கதவையும் சாத்தினாங்க. பாராட்டுதான்னு நான் தயாரா உக்காந்துட்டேன். அவங்க கேட்டது ரெண்டே கேள்வி. நேத்து எத்தனை மணிக்கு லேப்டாப்பை மூடினே, இன்னிக்கு எத்தனை மணிக்குத் திறந்தே? ஒரு மணிக்கு மூடினேன், ஒன்பதுக்குத் திறந்துட்டேன்னு கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு "எட்டுதான் வருது, பதினொண்ணு இருக்கணும்"னாங்க, முகம் சரியா இல்ல. பிரான்ஸ்ல ஒரு நாள் வேலை முடிஞ்சதுக்கும் அடுத்த நாள் வேலை ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல 11 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்ங்கறது சட்டம், அது கம்பெனி பொறுப்பு, அதாவது முதல்ல அவங்க தலைல விழும். நான் மெடல் மாதிரி நீட்டின மெயில் அவங்களுக்கு எதிரான சாட்சியா இன்பாக்ஸ்ல உக்காந்திருக்கு. எழுந்திரிக்கும்போது ஒண்ணு கேட்டாங்க, ஏன் என்னை முன்னாடியே அலர்ட் பண்ணல?

எனக்கு வந்துதே கோவம். சொன்னேனே! மூணு வாரம் முன்னாடி, இதே ரூம்ல, இதே நாற்காலில உக்காந்து சொன்னேனே! எல்லாம் மனசுக்குள்ளதான், அவங்க முன்னாடி வாயைத் திறக்கல. ஆனா "நான் சொன்னேன்"க்கும் "நீ சொல்லல"க்கும் நடுவுல என்னதான் நடந்துச்சுங்கறது ரொம்ப நாள் மனசை அரிச்சுட்டே இருந்துச்சு.

அந்த மூணு வாரம் முன்னாடி நடந்ததைச் சொல்லணும். நான் லியான்ல, பார்-தியூ பக்கம் ஒரு ஆபீஸ்ல வேலை பார்க்கறேன், பில்லிங் சாஃப்ட்வேர். 2022ல வந்தேன். பிரெஞ்சு அப்ப பி1 லெவல், அதாவது பேக்கரில சண்டை போடாம வாங்கிட்டு வர்ற அளவு. மேனேஜர் பிரெஞ்சுக்காரங்க, இங்கிலீஷ் தெரியும், ஆனா இங்கிலீஷ்ல பேசினா அவங்க வேற ஆளு, சுருக்கமா, கறாரா இருப்பாங்க, பிரெஞ்சுல பேசினாத்தான் சாவகாசமா பேசுவாங்க. அதனால முக்கியமான விஷயம்னு அன்னைக்கு பிரெஞ்சுலயே ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணின வாக்கியம். "ஜே த்ரோ த த்ரவாய்", எனக்கு வேலை ரொம்ப ஜாஸ்தி. அதுக்கப்புறம் "ஜ ந பு பா", என்னால முடியல. இலக்கணப் பிழை ஒண்ணு கூட இல்ல. அவங்க பேனாவை கீழ வச்சுட்டு என்னையே பார்த்து ஒரு வார்த்தை சொன்னாங்க. "செ-தா-தீர்?"

அதாவதுன்னு அர்த்தம். அதாவது? அப்புறம் அமைதி. எனக்கு அது எப்படி விழுந்துச்சுன்னா, "என்னய்யா சொல்ல வர்ற, விளக்கம் குடு பாப்போம்"னு வாத்தியார் பிரம்பை எடுத்த மாதிரி விழுந்துச்சு. கைல ஒண்ணும் இல்ல, கணக்கு இல்ல, லிஸ்ட் இல்ல, வேலை ஜாஸ்திங்கற அந்த ஒரு உணர்ச்சி மட்டும்தான் இருந்துச்சு. ரெண்டு செகண்டுல பின்வாங்கிட்டேன். இல்ல இல்ல பரவால்ல, "ஜ வே ம தெப்ருயே", எப்படியாவது சமாளிச்சுக்கறேன்னுட்டேன். அவங்க முகம் மலர்ந்துச்சு, சூப்பர், நன்றின்னாங்க, அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. இதுதான் நான் "சொன்ன" லட்சணம்.

புலம்பலுக்கு அங்க வெலை கெடையாது

நம்ம ஊர் ஆளுங்க பிரெஞ்சு மேனேஜர்கிட்ட பேசப் பயப்படறது ரெண்டு விஷயத்துக்கு. ஒண்ணு, குறை சொல்றவன்னு பேரு வந்துரும். ரெண்டு, வேலையை மறுக்கறான்னு நெனச்சுருவாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். கொஞ்ச நாள் காபி மெஷின் பக்கத்துல காதைத் தீட்டிக்கிட்டு நின்னப்புறம்தான் ரெண்டுமே தப்பான பயம்னு தெரிஞ்சுது. அங்க எல்லாரும் குறை சொல்லுவாங்க. மெட்ரோ லேட், கேன்டீன்ல சாப்பாடு மோசம், மழை, வெயில், அரசாங்கம், புது டைம்ஷீட் டூல். வேலை எப்படிப் போகுதுன்னு கேட்டா பத்துல ஆறு பேரு "ஜ சுய் சூ லோ"ம்பாங்க, தண்ணிக்கடியில இருக்கேன்னு அர்த்தம், அதைச் சொல்லிட்டு இருபது நிமிஷம் நின்னு காபி குடிப்பாங்க. யாரும் தப்பா எடுத்துக்கறதில்ல, யாரும் எதுவும் செய்யறதும் இல்ல. நம்ம ஊர்ல "என்ன வெயில் என்ன வெயில்"னு சொன்னா யாராவது எழுந்து போய் சூரியனையா அணைக்கறாங்க? அந்த மாதிரி. நான் ரெண்டு நாள் மனப்பாடம் பண்ணி வேர்த்து விறுவிறுத்து சொன்ன "வேலை ரொம்ப ஜாஸ்தி" அவங்க காதுல அந்த ரகத்துலதான் போய் விழுந்திருக்கு.

மறுப்பும் அப்படித்தான். நம்மகிட்ட ஒருத்தர் முடியாதுன்னா பேச்சு முடிஞ்சுது, மனஸ்தாபம் ஆரம்பம். அவங்ககிட்ட முடியாதுங்கறது பல சமயம் பேச்சு ஆரம்பிக்கற இடம். ஸ்கூல்லயே எதிர்வாதம் பண்ணி எழுதப் பழகினவங்க, ஒரு யோசனை சொன்னா முதல்ல "நோன்"தான் வரும், அப்புறம் ஏன்னு காரணம் வரும், அரை மணி நேரம் கழிச்சு ஒரு வழியும் வரும். அந்த "செ-தா-தீர்?" உண்மைல ஒரு அழைப்பு, உள்ள வா, உக்காரு, விவரமா சொல்லுன்னு. நான் வாசல்லயே செருப்பை மாட்டிக்கிட்டு திரும்பிட்டேன். போறபோக்குல "சமாளிச்சுக்கறேன்"னு ஒரு வாக்கையும் குடுத்துட்டேன். இந்த தெப்ருயே இருக்கே, அங்க அது ஒரு பெருமையான வார்த்தை, சாமர்த்தியசாலி யாரு தயவும் இல்லாம வழி கண்டுபிடிச்சுக்கறதுன்னு அர்த்தம். நாம மரியாதைக்குச் சொல்ற "பரவால்ல சார் பாத்துக்கறேன்"க்கு அதைப் போட்டா ஆபத்து, அவங்க நெசமாவே நம்பிருவாங்க.

ஜனவரில வருஷாந்திர நேர்காணல் வந்துச்சு. இங்க என்னை மாதிரி ஆளுங்களுக்கு "ஃபோர்ஃபே ஜூர்"னு ஒரு கான்ட்ராக்ட், மணிக்கணக்கு கிடையாது, நாள் கணக்கு, வருஷத்துக்கு 218 நாள் வேலை. 35 மணி நேர வாரம்னு வெளில பேசிக்கறாங்களே, அது நமக்குப் பொருந்தாது. அதுக்குப் பதிலா ஊழியரோட வேலைச் சுமை நியாயமா இருக்கான்னு முதலாளி அடிக்கடி பார்த்து உறுதி பண்ணிக்கணும்னு தொழிலாளர் சட்டத்துல இருக்கு, L3121-60ன்னு பிரிவு. அதனால நேர்காணல் ஃபார்ம்ல வேலைச் சுமைக்குன்னே ஒரு பகுதி. உங்க வேலைச் சுமை குடும்ப வாழ்க்கையோட ஒத்துப்போகுதான்னு ஒரு கேள்வி. நான் யோசிக்காம "ஆமா"ன்னு டிக் பண்ணியிருந்தேன், வீட்ல அப்ப எங்கூட நாலு நாளா பேச்சுவார்த்தையே இல்ல. மேனேஜர் அந்த டிக்கைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, நவம்பர் மெயில் ஞாபகம் இருக்கான்னு கேட்டாங்க. நான் சிரிச்சு மழுப்பினேன். கேக்க வேண்டியது அவங்க கடமை, ஃபார்ம்லயே இடம் போட்டு வச்சிருக்காங்க, நான்தான் அதை மரியாதைக் குறைவுன்னு நெனச்சு காலியா விட்டிருக்கேன்.

பாண்டிச்சேரி அக்கா

2024 ஏப்ரல் நடுவுல மறுபடி அதே கதை. ஏற்கனவே ரெண்டு வேலை ஓடிட்டிருந்துச்சு. ஒண்ணு "ரன்", புரொடக்‌ஷன்ல வர்ற டிக்கெட்டுகளைப் பார்க்கறது. இன்னொண்ணு பழைய பில்லிங் சிஸ்டத்துலேர்ந்து புதுசுக்கு மாத்தின டேட்டாவை டெஸ்ட் பண்றது. மூணாவதா ஒரு இன்டர்ஃபேஸ், வேற டீமுக்கு, மே 31க்குள்ள வேணும்னாங்க. இந்த தடவை மெயில் எழுதிடலாம்னு உக்காந்தேன். அனுப்பறதுக்கு முன்னாடி மேல் மாடில வேலை பார்க்கற ஒரு அக்காகிட்ட காட்டினேன். பாண்டிச்சேரிக்காரங்க, 1962ல ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்ப பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கிட்ட குடும்பம், அவங்க ஸ்கூல் படிச்சதே இங்கதான். வீட்ல மீன்குழம்பு, ஆபீஸ்ல சுத்தமான லியான் பிரெஞ்சு.

மெயிலைப் படிச்சுட்டு சிரிக்க ஆரம்பிச்சாங்க. "இன்னா தம்பி இது, கலெக்டருக்கு மனு குடுக்கறியா?" நான் "தயைகூர்ந்து பரிசீலிக்குமாறு பணிவுடன்"ங்கறதை அப்படியே பிரெஞ்சுல போட்டிருந்தேன், அதுவும் மேனேஜர் முதல் நாளே நீன்னு கூப்பிடுன்னு சொன்னதை மறந்து முழுக்க நீங்க போட்டு. அதைக் கூட விட்டுட்டாங்க. அவங்க விரல் வச்ச இடம் வேற. மூணு பாராவுல நான் எவ்வளவு கஷ்டப்படறேன்னு இருந்துச்சு, கடைசில புரிஞ்சுக்குவீங்கன்னு நம்பறேன்னு முடிச்சிருந்தேன். "புரிஞ்சுக்கிட்டாங்கன்னே வச்சுக்க. அப்புறம் அவங்க என்ன பண்ணணும்?"னு கேட்டாங்க. பதில் தெரியல. வேலையைக் குறைக்கணும்னேன். "எதைக் குறைக்கறது?" அதையும் அவங்களே பார்த்துக்கட்டும்னேன். "அவங்க வேலை முடிவெடுக்கறது தம்பி. முடிவெடுக்க ஒண்ணுமே குடுக்காம அழுதா அவங்க டிஷ்யூ பேப்பர்தான் குடுப்பாங்க."

அப்புறம் நோட்டுல மே மாச காலண்டர் வரைஞ்சாங்க. பிரான்ஸ்ல மே மாசம்ங்கறது ஓட்டைப் பாத்திரம், பார்க்க முழுசா இருக்கும், உள்ள நாள் நிக்காது. 2024 மேல 1ம் தேதி தொழிலாளர் தினம், 8 உலகப்போர் வெற்றி நாள், 9 வியாழன் இயேசு விண்ணேற்றம், அதுக்கும் சனிக்கிழமைக்கும் நடுவுல மாட்டின 10ம் தேதிக்கு எங்க ஆபீஸ்ல பாலம் போட்டு லீவு விட்டுட்டாங்க, 20 திங்கள் பெந்தெகோஸ்து. சனி ஞாயிறு போக 23 வேலை நாள் இருக்க வேண்டிய மாசத்துல 18தான் மிச்சம். இதை நானோ மேனேஜரோ எண்ணவே இல்ல. ரெண்டு பேருமே "மே முழுக்க இருக்கே"ன்னு நெனச்சுட்டிருந்தோம்.

வேலைப் பக்கம் கணக்கு போட்டோம். ரன்னுக்கு எத்தனை நாள் போகுதுன்னு நான் குத்துமதிப்பா பத்துன்னேன், அக்கா விடல, டிக்கெட் டூல்லேர்ந்து மூணு மாசத்தை இறக்கிப் பார்க்கச் சொன்னாங்க. பார்த்தா அஞ்சு நாளைக்கு ரெண்டு நாள், மேக்கு 7. மைக்ரேஷன் டெஸ்டுக்கு 9. இன்டர்ஃபேஸுக்கு 6. கூட்டினா 22. இருக்கறது 18, நாலு நாள் இடிக்குது. இந்த "நாலு"ங்கற நம்பரைப் பார்த்ததும் எனக்கு ஏமாத்தமா போச்சு, உண்மையாவே. மனசுக்குள்ள மலை மாதிரி இருந்தது, பேப்பர்ல வெறும் நாலு நாள். மலைக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, நாலு நாளைக்கு ஏதாவது பண்ணலாம்.

மெயில் தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்:

> மே மாசத்துக்கு என் வேலைத் திட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். லீவு போக 18 நாள். ரன் 7 (கடந்த மூணு மாச டிக்கெட் கணக்கு), மைக்ரேஷன் டெஸ்ட் 9, புது இன்டர்ஃபேஸ் 6, மொத்தம் 22. நாலு நாள் குறையுது. எனக்குத் தெரியற வழிகள்: இன்டர்ஃபேஸை ஜூன் 6க்குத் தள்றது, இல்ல ரன்ல நாலு நாளை வேற ஒருத்தர் எடுத்துக்கறது, இல்ல மூடின கணக்குகளோட டெஸ்டைக் குறைக்கறது. எது சரின்னு முடிவை உங்கிட்ட விடறேன். மாத்திச் சொல்லாத வரைக்கும் மைக்ரேஷனை முதல்ல எடுக்கறேன். திங்கக்கிழமை இதைப் பத்தி கால் மணி நேரம் பேசலாமா?

இதுல "முடியாது"ன்னு ஒரு இடத்துலயும் இல்ல, "ரொம்ப"ங்கற வார்த்தையும் இல்ல. மூணு பிரெஞ்சு வார்த்தைதான் இதைத் தாங்கிப் பிடிச்சுது. முதல்ல "ப்ளான் த ஷார்ஜ்", யாருக்கு எந்த வாரம் எவ்வளவு வேலைன்னு போடற அட்டவணை, ப்ராஜெக்ட் ஆளுங்க தினம் புழங்கற வார்த்தை. அதை முதல் வரில போட்டதும் பேச்சு என்னைப் பத்தினதா இல்லாம அட்டவணையைப் பத்தினதா ஆயிடுது. அடுத்து "ஜ த லெஸ் அர்பித்ரே", நீயே முடிவு பண்ணு. அர்பித்ராஜ்ங்கறது அங்க மேனேஜரோட வேலைக்கே இன்னொரு பேரு மாதிரி, ரெண்டு நல்ல விஷயம் மோதிக்கும்போது எது முன்னாடி எது பின்னாடின்னு சொல்றது. ஒருத்தரைக் குறை சொல்லாம, அவங்க நாற்காலிக்குள்ள ஒரு முடிவைத் தூக்கி வைக்கறதுக்கு இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது. மூணாவது "ஸோஃப் அவி கோந்த்ரேர்", மாத்திச் சொல்லாத வரைக்கும். இது இல்லாம அனுப்பினா பதில் வராத மெயிலுக்காக நாம காத்துட்டு கிடப்போம், இது இருந்தா பதில் வராததே ஒரு பதில்.

திங்கக்கிழமை

திங்கக்கிழமை மெயிலைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தாங்க. முதல் கேள்வி என்னவா இருக்கும்னு சொல்லுங்க. "செ-தா-தீர்?" ரன்னுக்கு ஏழு எங்கேர்ந்து வந்துச்சு? இந்த தடவை டிக்கெட் ஷீட்டைத் திருப்பிக் காட்டினேன். உள்ள ஒரு நடுக்கம் இருந்துச்சு, ஆனா வாசல்ல நிக்கல. பத்துன்னு போட்டிருந்தா அன்னைக்கு மாட்டியிருப்பேன், ஏன்னா அவங்க நாலு டிக்கெட்டைத் திறந்து ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் கூட்டிப் போட்டு பேரம் பேசற நம்ம பழக்கம் இங்க ஓடாது, ஒரு நம்பர் பொய்னு தெரிஞ்சா மிச்ச நம்பரும் போச்சு.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. என் ஆசை இன்டர்ஃபேஸ் ஜூனுக்குப் போகணும்னு. அதனாலதான் அதை லிஸ்ட்ல முதல்ல எழுதினேன். அவங்க அதைத் தொடவே இல்ல. அந்த டீம் ஜூன் முதல் வாரத்துல புரொடக்‌ஷனுக்குப் போறாங்க, இது இல்லாம போக முடியாதுன்னாங்க, எனக்கு அது தெரியவே தெரியாது. ரன்ல ரெண்டு நாளை பக்கத்து சீட்டு ஆளுக்குக் குடுத்தாங்க, மூடின கணக்குகளை முழுசா டெஸ்ட் பண்ணாம சாம்பிள் மட்டும் எடுத்து ரெண்டு நாளைக் குறைச்சாங்க. நாலு சரியாப் போச்சு. டெஸ்டைக் குறைக்கறது எனக்குப் பிடிக்கல, சொன்னேன். அதுல ஓட்டை இருந்தா பின்னாடி தெரிய வரும்னேன். "நோன், ஆனா நீ சொல்றதுல அர்த்தம் இருக்கு, அதை ஆபத்துன்னு எழுதி வைப்போம்"னு ஸ்டியரிங் கமிட்டி ஸ்லைடுல "கவனிக்க வேண்டியவை" கட்டத்துல ஒரு வரி போட்டாங்க. முடிவை அவங்க கைல குடுத்தா அது நமக்குப் பிடிச்ச முடிவா வரும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல, இதை அக்கா முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அன்னைக்கு சாயங்காலம் நான் ஒரு மெயில் போட்டேன், பேசினதை அஞ்சு வரில, யாரு எதை எப்பங்கறதோட. அவங்க ஒரே வார்த்தைல ஓகேன்னு பதில் போட்டாங்க. ஜூன் கடைசில, மூடின கணக்குகள்ல கொஞ்சத்துக்கு வரித் தொகை சில சென்ட் தப்பா வந்துருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. மீட்டிங்ல ஒருத்தர் இதை ஏன் டெஸ்ட் பண்ணலன்னு கேட்டதும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, லேப்டாப்புல அந்த பழைய மெயிலைத் தேட ஆரம்பிச்சேன். தேடி எடுக்கறதுக்குள்ள மேனேஜர், "அதை நான்தான் முடிவு பண்ணேன், அன்னைக்கு இன்டர்ஃபேஸ் முக்கியமா இருந்துச்சு, திருத்தறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"னு கேட்டாங்க. மூணு நாள்னேன். அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. எனக்கு அந்த மீட்டிங்ல மிச்சம் எதுவும் காதுல விழல. நவம்பர்ல ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து நான் எனக்குத் தெரியாமலே எடுத்துப் போட்டுக்கிட்ட முடிவெல்லாம், எதை விடறது எதை அவசரமா முடிக்கறதுன்னு, அதுல ஒண்ணு சொதப்பியிருந்தாலும் முழுக்க என் தலைலதான் விழுந்திருக்கும்.

காதுல தப்பா விழற வார்த்தைகள்

கணக்கு சரியா இருந்தாலும் வார்த்தைல வழுக்கி விழலாம். நான் விழுந்த ரெண்டு இடத்தைச் சொல்றேன். வந்த புதுசுல மேனேஜர் இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட்டிருந்தாங்க, உன்னோட டிலே என்னன்னு எனக்குச் சொல்லுன்னு. வேலையே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள தாமதம்ங்கறாங்களேன்னு பொங்கிட்டேன், நான் எதுலயும் லேட் இல்லன்னு ஒரு நீளமான பதில் அடிச்சேன். பிரெஞ்சுல "தெலே"ன்னா ஒரு வேலைக்கு ஆகற அவகாசம், தாமதத்துக்கு அங்க "ரெதார்"னு வேற வார்த்தை இருக்கு. அவங்க கேட்டது எத்தனை நாள் வேணும்னு, வேலைச் சுமையைச் சொல்றதுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது, நான் அதுல போய் தன்னிலை விளக்கம் குடுத்திருக்கேன். பாவம் அவங்க, எதுக்கு இவன் கொதிக்கறான்னு புரியாம ஒரு ஸ்மைலி போட்டு விட்டுட்டாங்க.

இன்னொண்ணு "எவான்துயெல்மான்". ஒரு வேலையைத் தள்ளி வைக்கலாமான்னு கேட்டதுக்கு அவங்க இதைச் சொன்னாங்க. இங்கிலீஷ்ல இருக்கற எவென்சுவலி ஞாபகத்துல, கடைசில எப்படியும் தள்ளிருவாங்கன்னு நெனச்சு அந்த வேலையை எடுத்து ஓரமா வச்சுட்டேன். அதுக்கு அர்த்தம் "தேவைப்பட்டா, ஒருவேளை". பத்து நாள் கழிச்சு அது எங்கன்னு கேட்டப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதே மாதிரி "செ நோத்தே"ன்னா குறிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான், ஒத்துக்கிட்டேன்னு இல்ல. "ஓன் வெரா", பாப்போம்னு சொன்னா நம்ம ஊர் பாப்போம் மாதிரியேதான், நடக்காது. இந்த மாதிரி பதில் வந்தா நான் இப்ப அங்கேயே, சரி, அப்ப திங்கக்கிழமை காலைல நான் எதைத் திறக்கட்டும்னு கேட்டுருவேன். எல்லாமே முக்கியம்னு சொல்ற மேனேஜர்கிட்டயும் இதே கேள்விதான். எது முக்கியம்னு கேட்டா மூணும்பாங்க, எதை முதல்ல திறக்கறதுன்னு கேட்டா ஒண்ணுதான் சொல்ல முடியும்.

இது எல்லா சமயமும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன். நாலு வாரம் முன்னாடி சொன்ன நாலு நாள் ஒரு அட்டவணைப் பிரச்சனை, கடைசி வாரத்துல சொன்னா அது மன்னிப்புக் கடிதம், எவ்வளவு அழகா எழுதினாலும். போன வருஷம் ஒரு தடவை ஒன்பது நாள் இருக்கும்போது சொன்னேன், அவங்க கத்தல, பெருமூச்சு விட்டுட்டு "நீ இதை ரெண்டு வாரம் முன்னாடியே பார்த்திருப்பியே"ன்னாங்க. உண்மைதான், பார்த்திருந்தேன். பழைய புத்தி சும்மா போகுமா.

போன மாசம் சென்னைலேர்ந்து ஒரு பொண்ணு எங்க டீமுக்கு வந்திருக்கு. ரெண்டு வாரமா கண்ணெல்லாம் உள்ள போய்க் கிடக்கு. வியாழக்கிழமை காபி மெஷின்ல பார்த்து வேலை எப்படிம்மா போகுதுன்னு கேட்டேன். பிரெஞ்சுல பதில் சொல்லிக் காட்டணும்னு ஆசை போல, "ஜ ம தெப்ருய்" அப்படின்னுச்சு சிரிச்சுக்கிட்டே. நான் கப்பை கீழ வச்சுட்டு, "செ-தா-தீர்?"னேன். முகம் அப்படியே வெளிறிப் போச்சு. ஐயய்யோ பயப்படாதம்மா, உன் காலண்டரை எடுத்துட்டு வா, அடுத்த மாசத்துல எத்தனை நாள் இருக்குன்னு முதல்ல எண்ணுவோம்னேன்.